ஃபைல் வேறு கம்ப்யூட்டருக்குப் போனதும் தமிழ் உடைகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் டிடிபி வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பேச்சு நன்றாகப் பழக்கம்: "ஏனுங்க, நீங்க அனுப்புன ஃபைல்ல பூரா கட்டங்கட்டமா வருதுங்க. கொம்பெல்லாம் தனியா நிக்குது."

இங்கே இது அடிக்கடி நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான் ஓடுகிறது, லிபர் ஆபிஸில்தான் டைப் செய்கிறார்கள். தமிழ் மீடியம் டீச்சர் அதில் அடித்த அழைப்பிதழ் பொள்ளாச்சி அச்சகத்துக்குப் போகும். அங்கே விண்டோஸ், வேர்டு, இன்டிசைன், சில இடங்களில் இன்னும் பேஜ்மேக்கர். பஞ்சாயத்து நோட்டீஸ் என்றால் ஒரே பக்கத்தில் மலையாளமும் தமிழும் இருக்கும். இப்படி இரண்டு சிஸ்டமும் இரண்டு லிபியும் கடந்து போகிற ஃபைலில் தமிழ் பல விதமாக உடையும். எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் காரணம் வேறு வேறு, மருந்தும் வேறு வேறு. "ஃபாண்ட் போட்டா சரியாயிடும்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொல்வதால்தான் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு காரியம். வந்த ஃபைலை அப்படியே ஒரு காப்பி எடுத்து வையுங்கள். அடுத்து, உடைந்து தெரிகிற எழுத்தை அழித்துவிட்டுத் திரும்ப அடிக்காதீர்கள். பல சமயம் உள்ளே எழுத்து சரியாகத்தான் இருக்கிறது, திரையில்தான் தப்பாகத் தெரிகிறது. அதன் மேல் கைவைத்தால் சரியாக இருந்ததும் கெடும்.

முதல் சோதனை: உள்ளே என்ன கோடு இருக்கிறது?

யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஓர் எண் உண்டு. தமிழுக்கான இடம் 0B80 முதல் 0BFF வரை. ஃபைலில் சேமிக்கப்படுவது இந்த எண்கள் மட்டுமே. கொம்பை முன்னால் வைப்பது, புள்ளியை மேலே வைப்பது, க்-கையும் ஷ-வையும் க்ஷ ஆக்குவது எல்லாம், ஃபைலைத் திறக்கிற கம்ப்யூட்டரில் உள்ள ஃபாண்டும் சாஃப்ட்வேரும் அந்த நேரத்தில் செய்கிற வேலை. ஆகவே எண் சரியா என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

வேர்டில் சந்தேகப்படுகிற எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து Alt+X அழுத்துங்கள். அந்தக் குறி தன் எண்ணாக மாறும். திரும்ப Alt+X அழுத்தினால் பழையபடி எழுத்தாகிவிடும். லிபர் ஆபிஸிலும் இதே சாவிதான். அங்கே எண்ணுக்கு முன்னால் U+ சேர்ந்து வரும், எழுத்தோடு ஒட்டிய குறிகளும் சேர்ந்து மாறலாம்.

சோதனைக்கு எங்கள் ஊர்ப் பெயரே நல்ல சொல். கொழிஞ்சாம்பாறை: இரண்டு பக்கமும் குறி வருகிற கொ, புள்ளி வைத்த ஞ், ம், கால் போட்ட சா, பா, முன்னால் கொம்பு வருகிற றை என்று உடையக்கூடிய எல்லாமே இதில் இருக்கிறது. சரியாக அடித்த ஃபைலில் இதன் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இப்படி இருக்கும்:

```
கொ = 0B95 0BCA
றை = 0BB1 0BC8
```

திரையில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் எண் வரிசையில் க-தான் முதலில், றை-யிலும் ற-தான் முதலில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மிகவும் தேவைப்படும்.

கட்டம் கட்டமாகத் தெரிகிற இடத்தில் Alt+X அழுத்தும்போது 0B-யில் தொடங்கும் எண் வந்தால் நிம்மதி. எழுத்து பத்திரமாக இருக்கிறது, ஃபாண்ட்தான் இல்லை. E அல்லது F-இல் தொடங்கும் எண் வந்தால், அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அடித்த எழுத்து. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடுக்கு மாற்றாக அங்கீகரித்த டேஸ்16 முறையில் அடித்தது அங்கேதான் உட்காரும். சிம்பல் வகைப் பழைய ஃபாண்டில் அடித்தது F0 என்று தொடங்கும். இவை இரண்டுக்கும் அடித்தவரிடமிருந்து அதே ஃபாண்டை வாங்க வேண்டும், இல்லையென்றால் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்ற வேண்டும். வேறு எந்த யூனிகோடு ஃபாண்டை மாற்றிப் போட்டாலும் கட்டம் போகாது.

அறிகுறி: தமிழ் முழுக்கக் கட்டம், எண் 0B-யில் தொடங்குகிறது

ஃபைலில் ஒரு ஃபாண்ட் பெயர் எழுதியிருக்கிறது. அந்தப் பெயர் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, அல்லது இருந்தும் அதில் தமிழ் எழுத்து இல்லை.

இரண்டாவது வகை எல்லையோரத்துக்கே உரியது. இருமொழி நோட்டீஸில் மொத்தத்தையும் செலக்ட் செய்து ரச்சனா போன்ற மலையாள ஃபாண்டைப் போட்டிருப்பார்கள். லினக்ஸில் அதில் தமிழ் இல்லை என்று தெரிந்ததும், சிஸ்டமே லோஹித் தமிழ் அல்லது நோட்டோவிலிருந்து எழுத்தை எடுத்துக் காட்டிவிடும். அடித்தவருக்கு எந்தக் குறையும் தெரியாது. வேர்டும் பெரும்பாலும் இப்படி வேறு ஃபாண்டிலிருந்து எடுத்துச் சமாளித்துக்கொள்ளும். ஆனால் இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேருக்கு ஃபாண்டில் உள்ளதுதான் எழுத்து, இல்லாதது கட்டம். "வேர்டுல நல்லா இருக்குதுங்க, பிளேஸ் பண்ணுனா கட்டமாயிருது" என்று அச்சகத்தில் சொன்னால் இதுதான் விஷயம்.

எந்த ஃபாண்ட் இல்லை என்பதை வேர்டே சொல்லும். File > Options > Advanced போய், Show document content என்ற பகுதியில் Font Substitution பொத்தானை அழுத்துங்கள். ஃபைல் கேட்கிற ஃபாண்ட் ஒரு பக்கமும், வேர்டு அதற்குப் பதில் போட்டிருப்பது இன்னொரு பக்கமும் தெரியும். லினக்ஸில் என்னென்ன தமிழ் ஃபாண்ட் இருக்கிறது என்று பார்க்க டெர்மினலில் இது போதும்:

```
fc-list :lang=ta family
```

பதில் எதுவும் வரவில்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் ஃபாண்டே கிடையாது.

விண்டோஸில் அதிகம் காணாமல் போகிற பெயர் லதா. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து சிஸ்டத்தோடு வந்த ஃபாண்ட் என்பதால் பழைய ஃபைல்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் விருப்பத் தொகுப்புக்குப் போய்விட்டன. செட்டிங்ஸில் Optional features என்று தேடி, Tamil Supplemental Fonts என்பதைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும். மலையாளத்துக்குக் கார்த்திகாவும் இப்படித்தான், அதற்கு Malayalam Supplemental Fonts. இருமொழி நோட்டீஸை விண்டோஸில் புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் நிர்மலா யூஐ-யைத்தான் சொல்வேன். தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் ஒரே ஃபாண்டில் இருக்கின்றன, விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. இரண்டு சிஸ்டத்திலும் ஒரே மாதிரி வேண்டுமென்றால், இலவசமாகக் கிடைக்கிற ஒரு ஃபாண்டை இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ள வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது. மலையாளத்தின் மீரா ஃபாண்டுக்குத் துணையாக, கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு வெளியிட்ட மீரா இனிமை என்ற தமிழ் ஃபாண்டும் இருக்கிறது. இரண்டு லிபியும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது மீரா ஜோடி கண்ணுக்கு ஒத்துப்போகும்.

"ஃபாண்ட் மாத்தியும் மாறலைங்க" என்பார்கள். வேர்டும் லிபர் ஆபிஸும் ஆங்கிலத்துக்கு ஒரு ஃபாண்ட், இந்திய மொழி போன்ற எழுத்துகளுக்கு இன்னொரு ஃபாண்ட் என்று தனித்தனியாக வைத்திருக்கின்றன. ஸ்டைலில் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் மாற்றினால் தமிழ் பழைய ஃபாண்டிலேயே கிடக்கும். வேர்டின் ஃபாண்ட் பெட்டியில் Complex scripts என்ற பகுதியிலும், லிபர் ஆபிஸில் Format > Character போய் CTL Font என்ற பகுதியிலும் மாற்ற வேண்டும். லிபர் ஆபிஸில் அந்தப் பகுதியே காணவில்லை என்றால், Tools > Options-இல் மொழிப் பகுதிக்குப் போய் Complex text layout-ஐ டிக் செய்ய வேண்டும்.

அறிகுறி: சில எழுத்து மட்டும் கட்டம்

எந்த எழுத்து என்று பாருங்கள், அதிலேயே காரணம் தெரிந்துவிடும்.

ரூபாய்க் குறி மட்டும் கட்டம் என்றால் அது தமிழ்ப் பிரச்சினையே இல்லை. ₹ யூனிகோடுக்கு வந்தது 2010-இல், அதற்கு முந்தைய ஃபாண்டில் அது கிடையாது. "ரூ." என்று அடித்துவிட்டுப் போகலாம். ஶ மட்டும் கட்டம் என்றால் அதே கதை, அந்த எழுத்து சேர்ந்தது 2005-இல். தமிழ் நன்றாக இருந்து, மலையாளப் பெயர்களின் கடைசியில் வருகிற சில்லெழுத்துகள் மட்டும் கட்டமானால், மலையாள ஃபாண்ட் பழசு. சில்லுகளுக்குத் தனி எண் கொடுத்தது 2008-இல்தான்.

புதிதாகத் திருத்திச் சேர்த்த சொற்களில் மட்டும் சில எழுத்து கட்டமாகவோ வேறு உருவத்திலோ தெரிந்தால், அனுப்பியவர் ஃபாண்டை ஃபைலோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார், ஆனால் "பயன்பட்ட எழுத்துகள் மட்டும்" என்ற டிக்கைப் போட்டு அனுப்பியிருக்கிறார். அவர் பக்கத்தில் எங்கும் ங வரவில்லை என்றால், நீங்கள் சேர்க்கிற "அங்ஙனம்" உடையும். முழு ஃபாண்டை வாங்கிப் போடுவதுதான் வழி.

அறிகுறி: எல்லா இடத்திலும் கொம்பும் புள்ளியும் இடம் மாறி நிற்கிறது

கட்டம் இல்லை, எழுத்தெல்லாம் இருக்கிறது. ஆனால் றை என்பதில் கொம்பு ற-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, புள்ளி பக்கத்தில் தனியாக நிற்கிறது. ஓர் இடம் விடாமல் பக்கம் முழுக்க இப்படியே. இந்த "ஓர் இடம் விடாமல்" என்பதுதான் அடையாளம். எண்கள் சரியாகவே இருக்கின்றன, அவற்றை அடுக்கிச் சேர்க்கிற வேலையை இந்த சாஃப்ட்வேர் செய்யவில்லை.

இன்டிசைனில் பாராவைச் செலக்ட் செய்து, Paragraph பேனலின் மெனுவில் Adobe World-Ready Paragraph Composer என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த நிமிடமே சேர்ந்துகொள்ளும். ஃபாண்டைத் தொடவே வேண்டியதில்லை. பாரா ஸ்டைலிலேயே அதை வைத்துவிட்டால் அடுத்த பக்கத்தில் திரும்பத் தேட வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஓடுகிற கம்ப்யூட்டரில், கண்ட்ரோல் பேனலின் Regional and Language Options போய், Languages பக்கத்தில் Install files for complex script என்று தொடங்குகிற வரியை டிக் செய்ய வேண்டும். அதற்கு விண்டோஸ் சிடியும் கேட்கும்.

பேஜ்மேக்கருக்கு மருந்து இல்லை. அதற்கு யூனிகோடே தெரியாது. ஒட்டினால் கேள்விக்குறியாக வரும். யூனிகோடை அச்சகத்தில் இருக்கிற பழைய ஃபாண்டின் முறைக்கு மாற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடியும்.

அறிகுறி: ஆங்காங்கே புள்ளி வட்டம், அல்லது கொம்பு பக்கத்து எழுத்தில் ஒட்டிக்கொள்கிறது

இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். பக்கத்தின் பெரும்பகுதி நன்றாக இருக்கும், சில சொற்களில் மட்டும் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன சின்ன வட்டம் ஒன்று தெரியும். அந்த வட்டத்தை யாரும் அடிக்கவில்லை. "இந்தக் குறி ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லையே" என்று சாஃப்ட்வேர் காட்டுகிற அடையாளம் அது.

ஒரு பள்ளி ஆண்டு விழா மலரை எடுத்துக்கொள்வோம். தலைமையாசிரியர் உரை புதிதாக லிபர் ஆபிஸில் அடித்தது. பள்ளி வரலாறு மட்டும் பழைய மலரிலிருந்து எடுத்தது, அது பாமினி ஃபாண்டில் இருந்ததை யாரோ யூனிகோடாக மாற்றிச் சேர்த்திருக்கிறார்கள். மாற்றிய இடத்தில் நன்றாகத் தெரிந்ததாம். இங்கே திறந்தால் உரை நன்றாக இருக்கிறது, வரலாற்றுப் பகுதியில் மட்டும் கொழிஞ்சாம்பாறையின் முன்னால் வட்டத்தோடு ஒரு கொம்பு, அதன் பிறகு "காழிஞ்சா" என்று போகிறது. "மழை" என்று இருக்க வேண்டிய இடத்தில் "மைழ" என்று இருக்கிறது. ஃபாண்டை எத்தனை முறை மாற்றினாலும் வட்டம் வட்டமாகவே நிற்கிறது.

Alt+X வைத்துப் பார்த்தால் காரணம் வந்துவிடும். வரலாற்றுப் பகுதியில் ஊர்ப் பெயரின் தொடக்கம் இப்படி இருக்கிறது:

```
0BC6 0B95 0BBE
```

கொம்பு, க, கால். அதாவது கண்ணுக்குத் தெரிகிற வரிசை. பாமினி போன்ற பழைய ஃபாண்ட்களில் டைப்ரைட்டரில் அடிப்பதுபோலக் கொம்பை முதலில் அடிப்பதுதான் முறை. மாற்றியவரின் கன்வெர்ட்டர் எழுத்துக்கு எழுத்து மாற்றிவிட்டு, வரிசையை யூனிகோடுக்கு ஏற்றபடி திருப்பாமல் விட்டுவிட்டது. எழுத்துகளை அடுக்கத் தெரியாத சாஃப்ட்வேரில் இப்படிப்பட்ட ஃபைல் அழகாகத் தெரியும், அடுக்கத் தெரிந்த சாஃப்ட்வேருக்கு வந்ததும் உடையும். முந்தைய அறிகுறிக்கு நேர் எதிரானது இது. அதனால்தான் "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான இருந்துது" என்று அவர் சொல்வதும் உண்மை, இங்கே உடைவதும் உண்மை.

சொல்லின் முதலில் வருகிற கொம்புக்கு ஒட்ட எழுத்து இல்லாததால் வட்டம் வருகிறது. சொல்லின் நடுவில் வருகிற கொம்பு முந்தைய எழுத்தின் மேல் ஏறிக்கொள்கிறது, அதுதான் "மைழ". பாறை என்பதில் கொம்பு ஏற்கெனவே காலோடு இருக்கிற பா-வுக்குப் பின்னால் விழும். அங்கே ஒரு சாஃப்ட்வேர் வட்டம் காட்டும், இன்னொன்று கொம்பைப் பா-வுக்கு முன்னால் தூக்கிப் போடும். வட்டத்தை மட்டும் தேடித் திருத்துகிறவர்கள் "மைழ" வகையைக் கோட்டை விடுவார்கள், அது அச்சில் போய் நிற்கும்.

நல்ல கன்வெர்ட்டர் இருந்து, பழைய பாமினி ஃபைலும் கிடைத்தால் முதலிலிருந்து மாற்றுவதே மேல். கிடைக்காதபோது லிபர் ஆபிஸில் திருப்பிவிடலாம். வரலாற்றுப் பகுதியை மட்டும் செலக்ட் செய்யுங்கள். Find & Replace-ஐத் திறந்து, Current selection only, Regular expressions இரண்டையும் டிக் செய்து, தேடுகிற இடத்தில் முதல் வரியையும் மாற்றுகிற இடத்தில் இரண்டாம் வரியையும் போடுங்கள்:

```
([\u0BC6-\u0BC8])(\u0B95\u0BCD\u0BB7|[\u0B95-\u0BB9])
$2$1
```

கொம்பு மூன்றில் ஏதாவது ஒன்று வந்து, அடுத்து மெய்யெழுத்தின் இடத்தில் ஒன்று வந்தால், இரண்டையும் இடம் மாற்று என்பது இதன் பொருள். க்ஷ-வை முதலில் தனியாகச் சொல்லியிருப்பது, கொம்பு க்-குக்கும் ஷ-வுக்கும் நடுவில் போய் விழாமல் இருப்பதற்காக. Replace All ஒரே ஒரு முறைதான். இரண்டாம் முறை அழுத்தினால், திருத்திய எழுத்தின் கொம்பு அடுத்த எழுத்துக்குத் தாவிவிடும். நல்ல பகுதியும் சேர்ந்து செலக்ட் ஆகியிருந்தால் அதுவும் கெடும். தலைமையாசிரியர் உரையை ஏன் தனியாக விட்டோம் என்பது இப்போது புரியும்.

இப்போது வரிசை க, கொம்பு, கால் என்று ஆகியிருக்கும். திரையில் கொ என்றே தெரியும், ஆனால் ஒரே குறியாக இருக்க வேண்டியது இரண்டாக இருப்பதால், சில சாஃப்ட்வேரில் தேடும்போது சொல் கிடைக்காது. `\u0BC6\u0BBE` என்று தேடி ொ என்றும், `\u0BC7\u0BBE` என்று தேடி ோ என்றும் மாற்றினால் அதுவும் சரியாகும்.

கௌ வகை மட்டும் கையால் பார்க்க வேண்டும். பழைய ஃபாண்டில் ஔகாரத்தின் பின்பகுதிக்கு ள-வையே அடிப்பது வழக்கம், அதனால் "கௌரவம்" உள்ளே "கெ-ள-ரவம்" என்று இருக்கும். பல ஃபாண்டில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. வேறு ஃபாண்டுக்கு வந்ததும் பின்பகுதி பெரிதாகத் தெரியும், அல்லது வரிக் கடைசியில் கெ ஒரு வரியிலும் ளரவம் அடுத்த வரியிலுமாகப் பிரியும். இதை மொத்தமாக மாற்றக்கூடாது. "வெள்ளி", "கெளுத்தி" எல்லாம் உண்மையான ள உள்ள சொற்கள். கௌரவம், பௌர்ணமி, சௌந்தரம், மௌனம் என்று சொல் சொல்லாகத் தேடித் திருத்துங்கள்.

புள்ளி வட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. Alt+X-இல் எண் வரிசை சரியாக இருக்கிறது, ஆனாலும் ஒரு சில சொல்லில் மட்டும் வட்டம். அப்போது எழுத்துக்குள்ளேயே ஃபாண்ட் மாறியிருக்கிறது. தமிழில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் முழு எழுத்தும் போகாது, கடைசிக் குறி மட்டும் போகும். "கா" என்று தவறாக அடித்ததைத் திருத்த ஒருவர் காலை மட்டும் அழிக்கிறார், நடுவில் மலையாளக் கீபோர்டுக்குப் போய் வந்திருக்கிறார், பிறகு ொ அடிக்கிறார். கீபோர்டு மாறும்போது வேர்டு ஃபாண்டையும் மாற்றிவிடுவதுண்டு. ஃபைலின் உள்ளே அது இப்படிப் பதிவாகிறது:

```xml
<w:r><w:rPr><w:rFonts w:cs="Latha"/></w:rPr>
<w:t>க</w:t></w:r>
<w:r><w:rPr><w:rFonts w:cs="Nirmala UI"/></w:rPr>
<w:t>ொழிஞ்சாம்பாறை</w:t></w:r>
```

க ஒரு ஃபாண்டில், அதன் குறி இன்னொரு ஃபாண்டில். இது எப்படித் தெரியும் என்பது திறக்கிற கம்ப்யூட்டரில் எந்தெந்த ஃபாண்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சொல்லைச் செலக்ட் செய்து வேர்டில் Ctrl+Space, லிபர் ஆபிஸில் Ctrl+M அழுத்தினால், தனியாகப் போட்ட ஃபார்மேட் எல்லாம் போய்ச் சொல் சேர்ந்துவிடும். போல்டும் கலரும் போகும், அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

அறிகுறி: க்ஷ, ஸ்ரீ மட்டும் பிரிகிறது

லட்சுமி என்று எழுதாமல் லக்ஷ்மி என்று பெயர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். க்-கும் ஷ-வும் தனித்தனியாகத் தெரிந்தால் இரண்டுக்கும் நடுவில் கர்சரை நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் அம்புச் சாவியை அழுத்தியும் கர்சர் நகராமல் நின்றால், கண்ணுக்குத் தெரியாத 200C என்ற குறி நடுவில் இருக்கிறது. எழுத்துகளைச் சேராமல் பிரித்து வைப்பதுதான் அதன் வேலை. லிபர் ஆபிஸில் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் `\u200C`, வேர்டில் `^u8204` என்று தேடலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்காதீர்கள். ரிக்‌ஷா என்பதில் வேண்டுமென்றே பிரித்து எழுதுகிறவர்கள் உண்டு, மலையாளப் பகுதியில் அதே குறி பல சொற்களுக்கு அவசியம். அந்தக் குறி இல்லாமலே பிரிந்தால் ஃபாண்டில்தான் கூட்டெழுத்து இல்லை, ஃபாண்டை மாற்றுங்கள்.

ஸ்ரீ இரண்டு விதமாக அடிக்கப்படுகிறது. ஸ-வில் தொடங்குவது ஒன்று, ஶ-வில் தொடங்குவது இன்னொன்று. பழைய ஃபாண்ட்கள் முதல் வகையை மட்டுமே சேர்த்துக் காட்டும். Alt+X-இல் 0BB6 வந்தால் அது இரண்டாம் வகை. அச்சகத்தின் ஃபாண்ட் பழசு என்றால் அந்த இடத்தில் ஸ போட்டுவிடுங்கள்.

அறிகுறி: கட்டமும் இல்லை, வட்டமும் இல்லை, வேறு ஏதோ

`jkpo;` என்று ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் அது பாமினியில் அடித்த "தமிழ்". பாமினியைப் போட்டால் தெரியும். `à®¤à®®à®¿` போல à® திரும்பத் திரும்ப வந்தால் யூனிகோடு ஃபைலை வேறு முறையில் திறந்திருக்கிறார்கள். எக்ஸெல் என்றால் Data > From Text/CSV வழியாக, File Origin-இல் 65001: Unicode (UTF-8) வைத்துத் திறக்க வேண்டும். வெறும் `?????` மட்டும் இருந்து, Alt+X-இல் 003F வந்தால், சேமித்தபோதே எழுத்து போய்விட்டது. அந்த ஃபைலிலிருந்து எதையும் மீட்க முடியாது, அடித்தவரிடம் மூல ஃபைல் கேளுங்கள்.

அனுப்புகிறவர் செய்ய வேண்டியது

அச்சகத்தில் திருத்த வேண்டிய ஃபைல் என்றால் ஃபாண்டை உள்ளே வைத்து அனுப்புங்கள். லிபர் ஆபிஸில் File > Properties > Font பக்கத்தில் Embed fonts in document. வேர்டில் File > Options > Save போய் Embed fonts in the file. அதன் கீழே உள்ள இரண்டு டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஒன்று பயன்பட்ட எழுத்துகளை மட்டும் வைப்பது, இன்னொன்று சிஸ்டம் ஃபாண்டை விட்டுவிடுவது. ஃபைல் பெரிதாகும், பரவாயில்லை. உள்ளே வைப்பதைத் தடுத்திருக்கிற ஃபாண்ட்களும் உண்டு, அவை இந்த வழியில் போகாது. இன்டிசைனுக்கும் இது பயன்படாது, அங்கே ஃபாண்ட் ஃபைலையே தனியாகக் கொடுக்க வேண்டும்.

திருத்தம் இல்லை, அப்படியே அச்சடிக்கலாம் என்றால் பிடிஎஃப். அதையும் அனுப்பும் முன் அடோபி ரீடரில் திறந்து Ctrl+D அழுத்தி, Fonts பக்கத்தில் ஒவ்வொரு தமிழ் ஃபாண்டுக்கும் பக்கத்தில் Embedded அல்லது Embedded Subset என்று இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் `pdffonts` கட்டளை emb என்ற பத்தியில் yes அல்லது no என்று காட்டும். ஒரு வரியில் no இருந்தாலும் திரும்ப எக்ஸ்போர்ட் செய்துவிட்டு அனுப்புங்கள்.